72 விநாடி வீணை ஷார்ட்டுக்கு க்ளெய்ம்: அப்பீல் போகலாமா?

வீணை_மீனா · 12 பிப்ரவரி

வணக்கம். நான் வீணை கற்றுத் தருகிறேன், சின்ன யூடியூப் சேனல் ஒன்றும் இருக்கிறது. அதில் வருமானம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை தீட்சிதர் கிருதி ஒன்றின் அனுபல்லவியையும் சரணத்தின் ஒரு பகுதியையும் வாசித்து போனில் பதிந்தேன். அதை 72 விநாடிக்கு வெட்டி, மறுநாள் ஷார்ட்டாக ஏற்றினேன். ஏற்றிய சில நிமிடங்களிலேயே காப்பிரைட் க்ளெய்ம் வந்துவிட்டது. பழைய வீணை வித்வான் ஒருவரின் ஆல்பத்தில் உள்ள அதே கிருதியின் பெயர் இருக்கிறது. க்ளெய்ம் செய்திருப்பது ஓர் ஆடியோ கம்பெனி. 0:07 முதல் 1:01 வரை பொருந்துகிறதாம். ஷார்ட்டை யாரும் பார்க்க முடியவில்லை.

வாசித்தது நான், வீணை என்னுடையது, பாட்டை எழுதியவர் 1835இல் காலமானவர். இதில் அந்தக் கம்பெனிக்கு என்ன உரிமை? அப்பீல் செய்தால் சேனலுக்கு ஆபத்து வருமா? இன்னொரு விஷயம், போனில் இடம் இல்லை என்று ஒரிஜினல் வீடியோவை நேற்று அழித்துவிட்டேன்.

---

கல்யாண_லென்ஸ் · 12 பிப்ரவரி

மேடம், ஸ்ட்ரைக் வந்தால் 90 நாள் பொறுத்திருக்க வேண்டும், மூன்று வந்தால் சேனலே போய்விடும். உடனே வீடியோவை டெலிட் செய்துவிடுங்கள். எனக்குப் போன வருடம் ஒரு கல்யாண ஹைலைட் வீடியோவில் சினிமா பாட்டு போட்டதற்கு வந்தது. டெலிட் செய்தும் ஸ்ட்ரைக் போகவில்லை.

---

ராஜபாளையத்தான் · 12 பிப்ரவரி

இதற்கெல்லாம் பயப்படக் கூடாது. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி பாட்டெல்லாம் பொதுச் சொத்து, யாரும் க்ளெய்ம் செய்ய முடியாது. பப்ளிக் டொமைன் என்று ஒரே வரி எழுதிப் போடுங்கள், தானாக விழுந்துவிடும். அப்புறம், 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் க்ளெய்மே வராது. அடுத்த முறை 29 விநாடியில் நிறுத்துங்கள்.

---

மிக்ஸர்_மேசை · 12 பிப்ரவரி

மீனா மேடம், டெலிட் செய்யாதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது ஸ்ட்ரைக் அல்ல, கன்டென்ட் ஐடி க்ளெய்ம். லென்ஸ் அண்ணனுக்கு வந்தது வேறு. க்ளெய்ம் அந்த ஒரு வீடியோவை மட்டும்தான் பிடிக்கும், சேனலின் மேல் கறை விழாது. ஸ்டூடியோவில் `Content` பக்கம் போய், அந்த வீடியோவுக்கு நேரே `Restrictions` பத்தியில் `Copyright` என்பதன் மேல் வைத்து `See details` திறந்து பாருங்கள். ஸ்ட்ரைக் என்றால் அங்கேயே தெளிவாகச் சொல்லியிருக்கும்.

நான் சில வருடம் இசை உரிமைகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் இருந்தேன், க்ளெய்ம் செய்கிற பக்கத்தில். அதனால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும் என்று சொல்கிறேன்.

கம்பெனி தன் பாடலின் ஒலிக்கோப்பை மாதிரியாக யூடியூபிடம் கொடுத்து வைக்கிறது. புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் கன்டென்ட் ஐடி என்ற மெஷின் அந்த மாதிரிகளோடு ஒத்துப் பார்க்கிறது. சுருதியையும் வேகத்தையும் கொஞ்சம் மாற்றினாலும் பிடிக்கும், வெறும் மெட்டு ஒத்துப்போனாலும் பிடிக்கும். கர்நாடக சங்கீதத்தில் சிக்கலே இதுதான். ஒரே கிருதி, ஒரே பாடாந்தரம், ஒரே வாத்தியம் என்றால் உங்கள் வாசிப்பும் அவர்கள் ஆல்பமும் மெஷினின் காதுக்குப் பக்கத்து வீடுதான். உங்கள் க்ளெய்ம் விவரத்தில் ஒலிப்பதிவு என்று இருக்கிறதா, மெட்டு என்று இருக்கிறதா? அப்படியே இங்கே எழுதுங்கள்.

பிளாக் ஆனதற்குக் காரணம் கம்பெனியின் கோபம் அல்ல. ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம் என்று 2024 அக்டோபரில் நீட்டியபோதே, ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்டில் க்ளெய்ம் இருந்தால் உலகம் முழுக்க பிளாக் என்று வைத்துவிட்டார்கள். கம்பெனி "பார்க்கட்டும், விளம்பரப் பணம் எனக்கு" என்று அமைத்திருந்தாலும் பிளாக்தான். உங்களுடையது 72 விநாடி.

ராஜபாளையத்தாரே, அந்த 30 விநாடிக் கணக்கு சட்டத்திலும் இல்லை, மெஷினிலும் இல்லை. ஒரு சில விநாடிக்கே க்ளெய்ம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பொதுச் சொத்து என்பதும் பாதிதான் சரி. கிருதி பொதுச் சொத்து. அதை அந்த வித்வான் வாசித்துப் பதிந்த ஒலி பொதுச் சொத்து ஆகாது, வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் கம்பெனிக்கு உரிமை இருக்கும். ஆகவே "இது பொதுச் சொத்து" என்ற ஒரு வரியைப் படிக்கிற ஆள், "பாட்டு பொதுச் சொத்துதான் சார், ரெக்கார்டிங் எங்களுடையதாயிற்றே" என்று சொல்லி மறுத்துவிடுவார். நானே அப்படி மறுத்திருக்கிறேன்.

---

வீணை_மீனா · 12 பிப்ரவரி

மெட்டு என்று எதுவும் இல்லை சார். ஆல்பத்தின் பெயரைப் போட்டு ஒலிப்பதிவு என்றுதான் இருக்கிறது. `Select action` அழுத்தினால் இரண்டு வழி காட்டுகிறது, `Dispute` ஒன்று, `Escalate to appeal` ஒன்று. எதை அழுத்துவது?

---

ராஜபாளையத்தான் · 12 பிப்ரவரி

நேரே அப்பீல்தான். டிஸ்ப்யூட் என்றால் 30 நாள் அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அப்பீல் என்றால் 7 நாள். இதில் நான் சொல்வது சரிதானே மிக்ஸர் சார்?

---

மிக்ஸர்_மேசை · 12 பிப்ரவரி

நாள் கணக்கு சரி. டிஸ்ப்யூட்டுக்கு 30 நாள், அப்பீலுக்கு 7 நாள். அதற்குள் கம்பெனி பதில் சொல்லாவிட்டால் க்ளெய்ம் தானாக விழும். பிளாக் ஆன வீடியோவுக்கு மட்டும் முதல் படியைத் தாண்டி நேரே அப்பீல் போகிற வழி கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு படியைத் தாண்டுவதற்கு விலை உண்டு. டிஸ்ப்யூட்டை கம்பெனி மறுத்தால் பெரும்பாலும் பழையபடி க்ளெய்ம் நிற்கும், அவ்வளவுதான். அப்பீலை அவர்கள் ஏற்காவிட்டால், வீடியோவை நீக்கச் சொல்லி முறையான கோரிக்கை வைப்பது ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம். அதோடு வருவதுதான் ஸ்ட்ரைக். டிஸ்ப்யூட் கட்டத்திலும் நேரே அந்தக் கோரிக்கை வைக்க அவர்களுக்கு வழி இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில கம்பெனிகள் நீக்கச் சொல்லும்போது 7 நாள் தவணை வைக்கும். அந்த 7 நாளுக்குள் நீங்கள் அப்பீலைத் திரும்பப் பெற்றால் ஸ்ட்ரைக் வராது.

என் கணக்கு இதுதான்: கையில் ஒரிஜினல் இருந்தால் நேரே அப்பீல். இல்லாவிட்டால் டிஸ்ப்யூட் போட்டு, அந்த அவகாசத்தில் ஆதாரத்தைத் தேடுங்கள். நீங்கள் இரண்டாவது கட்சி.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த இரண்டு படியிலும் தீர்ப்புச் சொல்வது யூடியூப் அல்ல, க்ளெய்ம் செய்த அதே கம்பெனி. திருடன் கையில் சாவி என்று கோபப்படுவதில் பயனில்லை, அமைப்பே அப்படித்தான். அங்கே ஒரு பையனோ பெண்ணோ வரிசையாக வந்து விழும் டிஸ்ப்யூட்டுகளைத் தள்ளிக்கொண்டு இருப்பார்கள். நீங்கள் எழுதிய சில வரிகளையும், இரண்டு ஒலிகளையும்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

---

லூப்_குமரன் · 13 பிப்ரவரி

எனக்கும் இதே கதை, ஆனால் தலைகீழ். நான் பீட் செய்கிறவன். காசு கொடுத்து வாங்கிய ஒரு டிரம்ஸ் லூப்பை என் ஷார்ட்டில் போட்டேன். அதே லூப்பை வாங்கிய இன்னொருத்தர், அதன் மேல் நாலு வரி பாடி தன் பாட்டை ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகக் கன்டென்ட் ஐடியில் சேர்த்துவிட்டார். அன்று முதல் அந்த லூப் வைத்த எல்லாருக்கும் அவர் பெயரில் க்ளெய்ம். லூப் விற்ற தளத்தின் விதிமுறைப் பக்கத்தைக் காட்டலாம் என்று போனால், அவர்கள் அந்தப் பக்கத்தையே மாற்றி எழுதியிருந்தார்கள். நான் வாங்கிய அன்று என்ன இருந்தது என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. பில் மட்டும் இருந்தது, அதுவும் தம்பியின் மெயிலில், தம்பி பெயரில்.

இப்போதெல்லாம் எதை இறக்கினாலும் அன்றைக்கே அந்த லைசென்ஸ் பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி, பில்லோடு ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுகிறேன். மீனா அக்கா, உங்கள் ஷார்ட்டில் தம்புரா எங்கிருந்து வந்தது? செயலியா?

---

வீணை_மீனா · 13 பிப்ரவரி

ஆமாம் தம்பி, போன் செயலியில் வைத்த தம்புராதான். காசு கட்டி வாங்கியது. அதுவும் பிரச்சினையா?

---

மிக்ஸர்_மேசை · 13 பிப்ரவரி

குமரன் நல்ல இடத்தைத் தொட்டார். பலரும் வாங்கிப் பயன்படுத்துகிற லூப்பையோ தம்புரா ஒலியையோ யாரும் தனக்கு மட்டும் உரியது என்று மாதிரிக் கோப்பில் கொடுக்கக் கூடாது என்பது யூடியூபின் விதி. பொதுச் சொத்தான ஒலிப்பதிவுக்கும் அதுவே. ஆனாலும் கொடுத்துவிடுகிறார்கள், தவறான க்ளெய்ம்கள் பெரும்பாலும் அந்த வழியில் வருகின்றன.

மீனா மேடம் விஷயத்தில் தம்புரா இல்லை என்று நினைக்கிறேன். தம்புரா 0:00இலிருந்தே கேட்கும். பொருத்தம் 0:07இல் தொடங்குகிறது. 0:07இல் என்ன நடக்கிறது உங்கள் வீடியோவில்?

---

வீணை_மீனா · 13 பிப்ரவரி

அங்கேதான் அனுபல்லவி எடுக்கிறேன். 1:01இல் சிட்டஸ்வரம் ஆரம்பம். அப்படியானால் வாசிப்பைத்தான் பிடித்திருக்கிறது.

டிஸ்ப்யூட் போட்டுவிட்டேன் சார். காரணம் கேட்ட இடத்தில் பப்ளிக் டொமைன் தேர்ந்தெடுத்தேன். நான் இருபது வருடத்துக்கு மேலாக வீணை வாசிக்கிறேன், இன்னாரிடம் கற்றேன், என் மாணவிகளுக்காகப் போட்டேன், இது அநியாயம் என்றெல்லாம் விவரமாக எழுதினேன். கோப்பு இணைக்க இடமே இல்லை, எழுதுகிற பெட்டி மட்டும்தான் இருந்தது.

---

வக்கீல்_வீட்டுத்_திண்ணை · 14 பிப்ரவரி

சட்டப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி இசையமைத்தவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். தீட்சிதருக்கு அந்தக் கேள்வியே எழாது. ஆனால் மீனா அம்மா, நீங்கள் சொன்ன சிட்டஸ்வரம் யார் போட்டது? தீட்சிதரா?

---

வீணை_மீனா · 14 பிப்ரவரி

இல்லை சார். என் குருநாதர் போட்டது. அவர் 2009இல் காலமானார்.

---

வக்கீல்_வீட்டுத்_திண்ணை · 14 பிப்ரவரி

அப்படியானால் அந்த 11 விநாடி மட்டும் 2069 முடியும் வரை அவருடைய வாரிசுகளுக்கு உரியது என்று ஒருவர் வாதாடலாம். சிட்டஸ்வரம் தனிப் படைப்பு ஆகுமா, கிருதியின் அங்கமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. க்ளெய்ம் 1:01இல் முடிகிறது, அதனால் இப்போது அது பிரச்சினை இல்லை. ஆனால் "இந்த வீடியோவில் உள்ள அனைத்தும் என் சொந்தம்" என்று எங்கும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். குருநாதர் வீட்டாரிடம் ஒரு வாட்ஸ்அப் சம்மதமாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

---

ராஜபாளையத்தான் · 14 பிப்ரவரி

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இருக்கிறது. வீடியோவைப் பென்டிரைவில் போட்டு, உங்களுக்கே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வையுங்கள். தபால் முத்திரைதான் சாட்சி. டிஸ்கிரிப்ஷனில் "உரிமை மீறும் நோக்கம் இல்லை" என்று ஒரு வரி.

---

வக்கீல்_வீட்டுத்_திண்ணை · 14 பிப்ரவரி

திருடுகிறவர்கள்தான் அந்த வரியை அதிகம் போடுகிறார்கள். தபால் கவரை வைத்து, அது பிரிக்கப்படவில்லை என்பதைவிட அதிகமாக எதுவும் நிரூபிக்க முடியாது, அதையும் ஆவி பிடித்துப் பிரிக்கலாம் என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். பதிவே செய்யாவிட்டாலும் இந்தியாவில் பதிப்புரிமை உண்டு. நீதிமன்றம் வரை போனால் டிஜிட்டல் கோப்புக்கு 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். அந்தப் படிவத்திலேயே கோப்பின் ஹேஷ் மதிப்பு எழுத இடம் இருக்கிறது. ஹேஷ் எடுக்கத் தபால் காசு கூடச் செலவு செய்ய வேண்டியதில்லை, அது இலவசம்.

---

லூப்_குமரன் · 14 பிப்ரவரி

அதைத்தான் நான் செய்கிறேன். விண்டோஸில் ஒரே கட்டளை:

```
certutil -hashfile veenai.mp4 SHA256
```

வருகிற நீள எண்ணை அன்றைக்கே எனக்கு நானே மெயில் அனுப்பிவிடுவேன். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். அதனால் அந்தத் தேதியில் இதே கோப்பு என்னிடம் இருந்தது என்று காட்ட முடியும்.

---

கல்யாண_லென்ஸ் · 15 பிப்ரவரி

க்ளெய்மும் ஸ்ட்ரைக்கும் வேறு என்று இப்போதுதான் தெரிந்தது. ஒரு கேள்வி. கல்யாணத்தில் நாகஸ்வரம் வாசித்ததை நான் நேரடியாகப் பதிந்து நீள வீடியோவாகப் போட்டதற்கும் க்ளெய்ம் இருக்கிறது, வந்து இரண்டு மாதம் ஆகிறது. என் சேனலில் விளம்பர வருமானம் உண்டு. இதுவரை போன பணம் திரும்ப வருமா?

---

மிக்ஸர்_மேசை · 15 பிப்ரவரி

க்ளெய்ம் வந்த 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டிருந்தால் முதல் நாளிலிருந்து வந்த பணத்தை யூடியூப் தனியே எடுத்து வைத்து, ஜெயித்தவருக்குக் கொடுக்கும். அதற்குப் பிறகு போட்டால் போட்ட நாளிலிருந்துதான் எடுத்து வைக்கும். உங்கள் இரண்டு மாதப் பணம் போனதுதான் அண்ணே. இன்றைக்குப் போட்டால் இன்றிலிருந்து. ஆனால் அதற்கு முன் நாகஸ்வரக்காரரிடம் எழுத்தில் ஏதாவது வாங்கினீர்களா? அவருடைய வாசிப்புக்கு அவருக்கும் உரிமை உண்டு.

---

கல்யாண_லென்ஸ் · 15 பிப்ரவரி

பெண் வீட்டார் காசு கொடுத்தார்கள், அவர் வாசித்தார். எழுத்தா? கல்யாண வீட்டிலா?

---

வீணை_மீனா · 24 பிப்ரவரி

11 நாள் கழித்து மறுத்துவிட்டார்கள். காரணம் எதுவும் இல்லை. க்ளெய்ம் அப்படியே நிற்கிறது.

நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரிஜினல் கிடைத்துவிட்டது! கூகுள் போட்டோஸில் காப்பு எடுத்த படம் அழித்தாலும் 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்குமாம். மாணவி ஒருத்திதான் எடுத்துக் கொடுத்தாள். மொத்தம் 14 நிமிடம். வீணையைச் சுருதி சேர்ப்பது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், நான் இரண்டு முறை தப்பாக வாசித்து நிறுத்துவது எல்லாம் இருக்கிறது. குமரன் தம்பி தனியே சொன்ன கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். தேதி சரி, நேரம்தான் தவறாக இருக்கிறது. நான் காலை 6:22க்கு எடுத்தேன், இது நள்ளிரவு 12:52 என்கிறது. இதைக் காட்டினால் பொய் என்பார்களே?

```
ffprobe -v quiet -show_entries format_tags=creation_time -of default=nw=1 veenai.mp4
TAG:creation_time=2025-02-09T00:52:14.000000Z
```

---

லூப்_குமரன் · 24 பிப்ரவரி

அக்கா, கடைசியில் இருக்கிற Z எழுத்தைப் பாருங்கள். அது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டுங்கள். 12:52 + 5:30 = 6:22. கச்சிதம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய காப்பியை மட்டும் ஆதாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது ஒலியையும் படத்தையும் நசுக்கிவிடும், எடுத்த நேரமும் அதில் தங்காது.

---

மிக்ஸர்_மேசை · 24 பிப்ரவரி

அந்தக் குக்கர் விசில் உங்களுக்குக் கிடைத்த பொக்கிஷம். எடிட் செய்த 72 விநாடியைவிட, வெட்டாத 14 நிமிடம் ஆயிரம் மடங்கு பேசும். தேதி எண்ணைத் தெரிந்தவன் மாற்றிவிடலாம். சுருதி சேர்ப்பதிலிருந்து தப்பு வாசித்தது வரை ஒரே ஓட்டமாக, விரல் தெரிகிற மாதிரி இருப்பதை யாரும் போலியாகச் செய்ய மாட்டார்கள்.

முதல் டிஸ்ப்யூட் ஏன் விழுந்தது என்று என் ஊகம். எதிரில் இருந்தவர் மனதில் ஒரே ஒரு கேள்விதான்: இந்த வீடியோவில் கேட்பது எங்கள் ரெக்கார்டிங்கா, இல்லையா? நீங்கள் எழுதியதில் உங்கள் வாழ்க்கை இருந்தது, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பப்ளிக் டொமைன் என்றதும் அவர் பாட்டைப் பற்றிய வாதம் என்று எடுத்துக்கொண்டு தள்ளியிருப்பார்.

இப்போது அந்த ஆல்பத்தின் பாடலை எடுத்து, உங்கள் ஷார்ட்டோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். எங்கே வேறுபடுகிறது என்று நிமிடக் கணக்கோடு எழுதுங்கள்.

---

வீணை_மீனா · 24 பிப்ரவரி

கேட்டேன். அவர் வாசித்தது இரண்டரைக் கட்டை, நான் மூன்று கட்டை. அவருக்குக் கடமும் மிருதங்கமும் இருக்கிறது, எனக்குத் தம்புரா மட்டும். அனுபல்லவி முதல் வரிச் சங்கதியை அவர் இரண்டு முறை வாசிக்கிறார், நான் 0:07இலிருந்து மூன்று முறை. 0:31இல் என் மந்தரத் தந்தி அதிர்ந்து ஒரு சத்தம் வருகிறது. வெட்கமாக இருந்தது, இப்போது உதவுமோ?

---

மிக்ஸர்_மேசை · 24 பிப்ரவரி

உதவும். சுருதியை மட்டும் காட்டினால் போதாது. திருடுகிறவன் அரைக் கட்டை ஏற்றித்தான் போடுவான், அது அவர்களுக்கும் தெரியும். சங்கதி எத்தனை முறை என்பதும், தாள வாத்தியமே இல்லை என்பதும், தந்திச் சத்தமும் ஏற்றி இறக்கி வருவதல்ல. அவர் ஹெட்போனை மாட்டி அரை நிமிடத்தில் சரிபார்க்கக் கூடியவை.

14 நிமிடத்தை யூடியூபில் அன்லிஸ்டட் ஆகப் போட்டு லிங்க் கொடுக்காதீர்கள், அதற்கும் க்ளெய்ம் வரும்! டிரைவில் போட்டு, லிங்க் உள்ளவர் பார்க்கலாம் என்று வையுங்கள்.

---

ராஜபாளையத்தான் · 25 பிப்ரவரி

பாடல் தீட்சிதருடையது என்பதையே விட்டுவிடச் சொல்கிறீர்களா? அது தப்பு. மெட்டுக்குத் தனியே இன்னொரு கம்பெனி க்ளெய்ம் போட்டால்?

---

மிக்ஸர்_மேசை · 25 பிப்ரவரி

நியாயமான பேச்சு. விட வேண்டாம், ஒரு வரி இருக்கட்டும். தீட்சிதர் கிருதிகள் பலவற்றின் ஸ்வரக் குறிப்பு 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் இருக்கிறது. இந்தக் கிருதி அதில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள். ஆனால் முதல் வரி ரெக்கார்டிங் பற்றித்தான் இருக்க வேண்டும்.

---

வக்கீல்_வீட்டுத்_திண்ணை · 25 பிப்ரவரி

அனுப்புவதற்கு முன் ஒன்று. இதையும் மறுத்து, வீடியோவை நீக்க வைத்தால் அடுத்த வழி எதிர் அறிவிப்பு. அதில் உங்கள் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் க்ளெய்ம் செய்தவருக்குப் போகும். யூடியூப் இருக்கும் அமெரிக்க நீதிமன்ற எல்லைக்குக் கட்டுப்படுகிறேன் என்றும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் 10 அமெரிக்க வேலை நாளுக்குள் வழக்குப் போட்டதாகக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும். வழக்குப் போடுகிறவர்கள் அபூர்வம், ஆனாலும் தெரிந்தே இறங்குங்கள். நம் சட்டத்தின் 60ஆம் பிரிவு, ஆதாரமில்லாமல் உரிமை மீறல் என்று மிரட்டினால் நீங்களே வழக்குப் போட வழி தருகிறது. கன்டென்ட் ஐடி க்ளெய்ம் "மிரட்டல்" ஆகுமா என்பது வேறு விவாதம். 72 விநாடிக்காக அதில் இறங்கச் சொல்ல மாட்டேன்.

---

வீணை_மீனா · 25 பிப்ரவரி

அப்பீல் அனுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"இந்த வீடியோவில் உங்கள் ஒலிப்பதிவு இல்லை. 9 பிப்ரவரி 2025 காலை என் வீட்டில் நான் வீணையில் வாசித்ததை என் போனில் பதிந்தேன். வெட்டாத 14 நிமிடப் பதிவு இந்த லிங்கில் இருக்கிறது, ஷார்ட்டில் உள்ள பகுதி அதன் 9:40இல் தொடங்குகிறது. உங்கள் பதிவில் கடமும் மிருதங்கமும் உள்ளன, என்னுடையதில் தாள வாத்தியமே இல்லை. 0:07இல் சங்கதியை மூன்று முறை வாசிக்கிறேன், உங்கள் பதிவில் இரண்டு முறை. 0:31இல் கேட்கும் தந்திச் சத்தம் உங்கள் பதிவில் இல்லை. கிருதி முத்துஸ்வாமி தீட்சிதருடையது, அவர் 1835இல் காலமானார்."

சிட்டஸ்வரம் பற்றி எதுவும் எழுதவில்லை. குருநாதரின் மகளிடம் பேசினேன், "அப்பா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், தாராளமாகப் போடு" என்று குரல் செய்தி அனுப்பினார். அதையும் சேமித்துவிட்டேன்.

---

வீணை_மீனா · 2 மார்ச்

ஐந்தாம் நாள் க்ளெய்மை விட்டுவிட்டார்கள். ஷார்ட் திரும்ப வந்துவிட்டது. விளக்கமோ வருத்தமோ ஒரு வரி கூட இல்லை. டிரைவ் லிங்கைத் திறந்து பார்த்தார்களா என்றும் தெரியாது.

அடுத்த பதிவிலிருந்து தேதி போட்ட ஃபோல்டர் வைத்திருக்கிறேன். வெட்டாத வீடியோ, எடிட்டர் புராஜெக்ட், தம்புரா செயலியின் பில், அதன் விதிமுறைப் பக்கம், ஹேஷ் மெயில். மாணவி மிருதங்கம் வாசித்தால் அவளிடமும் ஒரு மெசேஜ் வாங்குகிறேன். சிரிக்கிறாள்.

---

கல்யாண_லென்ஸ் · 2 மார்ச்

வாழ்த்துகள் மேடம். நான் நாகஸ்வரக்காரரைத் தேடிப் போனேன். அவரே ஓர் ஆல்பம் போட்டிருக்கிறாராம், அதே மல்லாரி! க்ளெய்ம் வந்ததே அந்த ஆல்பத்தின் பெயரில்தான். "என் வாசிப்புக்கு என் ஆல்பமே வழக்குப் போடுதா" என்று கேட்கிறார். இப்போது நான் யாரிடம் சம்மதம் வாங்குவது, அவரிடமா, அவர் எழுதிக் கொடுத்த கம்பெனியிடமா?

---

மிக்ஸர்_மேசை · 3 மார்ச்

அவர் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் அண்ணே. அந்த ஒரு பதிவை மட்டும் கொடுத்தாரா, இனிமேல் தன் வாசிப்பை மற்றவர்கள் பதியக் கூடாது என்றும் கையெழுத்துப் போட்டாரா என்று பார்க்க வேண்டும். அதுவரை டிஸ்ப்யூட் பட்டனைத் தொடாதீர்கள்.

---

கல்யாண_லென்ஸ் · 3 மார்ச்

ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்து எட்டு வருடம் ஆகிறதாம். பீரோவில் தேடுகிறார்.